கிரியேட்டின்: ஒரு கிராம் என்ன விலை?

கிரியேட்டின் வாங்கப் போனால் இன்று மூன்று வடிவங்கள் கண்ணில் படுகின்றன: டப்பாவில் வெள்ளைப் பவுடர், புட்டியில் கேப்சூல், பைகளில் கலர் கலராகக் கம்மி மிட்டாய். மூன்றின் மேலும் ‘கிரியேட்டின் மோனோஹைட்ரேட்’ என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே விற்பனையாகின்றன. அப்படியானால் எது வசதியோ, எது வாய்க்கு ருசியோ அதை வாங்கினால் போதாதா என்று தோன்றும். ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பலரும் அப்படித்தான் மிட்டாய்ப் பக்கம் போகிறார்கள். பவுடரைத் தண்ணீரில் கலக்கும் வேலை இல்லை, கேப்சூலை விழுங்கும் சங்கடம் இல்லை.

ஆனால் டப்பாவின் விலையை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடக் கூடாது. நாம் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் கிரியேட்டினுக்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு கிராம் கிரியேட்டின் என்ன விலைக்கு நம் வயிற்றுக்குள் போகிறது என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் மூன்று வடிவங்களும் வெகுதூரம் விலகிப் போகின்றன. மிட்டாய் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது: லேபிளில் போட்ட அளவு உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா?

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

கிரியேட்டின் புதிதாகக் கண்டுபிடித்த மருந்தல்ல. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. நம் உடலே நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது. மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்து இன்னொரு கிராம் வரை கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு உணவு வழியாக அனேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் அவர்கள் தசைகளில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

இந்த இருப்பில் பெரும்பகுதி தசையில்தான் இருக்கிறது. கனமான எடையைத் தூக்குவது, நூறு மீட்டர் ஓடுவது போன்ற சில நொடி வேலைகளுக்குத் தசை உடனடியாகச் சக்தி கேட்கும்போது, அதை மறுபடி மறுபடி நிரப்பித் தரும் வேலை கிரியேட்டினுடையது. இருப்பு நிறைந்திருந்தால், எட்டு முறை தூக்கிக் களைத்துப்போகிறவர் ஒன்பதாவது முறையும் தூக்கலாம். பல மாதப் பயிற்சியில் அந்தக் கூடுதல் ஒன்று சேர்ந்து சேர்ந்துதான் பலனாக மாறுகிறது.

இருப்பை நிரப்ப எவ்வளவு தேவை என்பதற்கும் பழைய, தெளிவான பதில் உண்டு. 1996இல் ஸ்வீடனில் எரிக் ஹல்ட்மன் குழுவினர் ஒரு சாராருக்கு நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு நாளுக்கு 3 கிராம் வீதம் 28 நாள் கொடுத்தார்கள். இரு தரப்பினரின் தசையிலும் கடைசியில் சேர்ந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே அவசரம் இல்லாதவருக்கு நாளுக்கு 3 கிராம் போதும். பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 5 கிராம் வரை சொல்வதுண்டு.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உடலில் இருக்கும் கிரியேட்டினில் ஏறத்தாழ 2 கிராம் தினமும் தானாகவே சிதைந்து சிறுநீரில் போய்விடுகிறது. 3 கிராம் எடுத்தால் இந்தச் செலவை ஈடுகட்டி, மேற்கொண்டு இருப்பும் ஏறும். அரை கிராம் மட்டுமே உள்ளே போனால், அது அன்றாடச் செலவின் ஒரு பகுதிக்குத்தான் காணும். ஒரு மாதம் கழித்துத் தசையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மாறியிருக்காது. கிரியேட்டினைப் பொறுத்தவரை கால் பங்கு அளவு எடுத்தால் கால் பங்கு பலன் வரும் என்று நம்ப முடியாது.

மூன்று டப்பாக்கள், ஒரே கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறும். ஆகவே கீழே வரும் விலைகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறைதான் முக்கியம். உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் எண்களை அதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பவுடர். 250 கிராம் டப்பா 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறெதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்றால் 250 கிராமும் சரக்குதான். 800ஐ 250ஆல் வகுத்தால் கிராமுக்கு 3 ரூபாய் 20 காசு. நாளுக்கு 3 கிராம் எடுத்தால் 9 ரூபாய் 60 காசு. மாதத்துக்கு 288 ரூபாய். ஒரு டப்பா எண்பது நாளுக்கு மேல் வரும்.

அடுத்து கேப்சூல். ஒரு பெரிய கேப்சூல் ஓட்டுக்குள் இந்தப் பவுடரை முக்கால் கிராமுக்கு மேல் திணிப்பது கடினம். ஆகவே 750 மில்லிகிராம் கேப்சூல் 120 கொண்ட புட்டி 900 ரூபாய் என்று கொள்வோம். உள்ளே இருக்கும் மொத்தச் சரக்கு 90 கிராம். கிராமுக்கு 10 ரூபாய். 3 கிராமுக்கு நாளுக்கு நான்கு கேப்சூல் விழுங்க வேண்டும். மாதச் செலவு 900 ரூபாய். பவுடரைவிட மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் பணம் ஓட்டுக்கும், நிரப்பும் இயந்திரத்துக்கும், புட்டிக்கும் போகிறது. உள்ளே இருப்பது அதே உலர்ந்த பவுடர்தான்.

கடைசியாக மிட்டாய். ஒன்றில் ஒரு கிராம் என்று லேபிள் சொல்கிறது, 90 மிட்டாய் கொண்ட பை 1,350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லேபிளை அப்படியே நம்பினால் கிராமுக்கு 15 ரூபாய். நாளுக்கு மூன்று மிட்டாய், மாதத்துக்கு 1,350 ரூபாய். பவுடரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இங்கேதான் லேபிளை நம்பலாமா என்பது விலையையும் சேர்த்து மாற்றுகிறது. மிட்டாயில் சொன்ன அளவில் பாதிதான் இருக்கிறது என்றால், கிராமுக்கு 30 ரூபாய் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்றால் 75 ரூபாய். பாதிச் சரக்கு உள்ள மிட்டாயில் 3 கிராமை எட்ட நாளுக்கு ஆறு மிட்டாய் மெல்ல வேண்டும். ஒரு மிட்டாயில் இரண்டரை கிராம் சர்க்கரை என்றால் அதுவே 15 கிராம் சர்க்கரை. சர்க்கரை இல்லாத வகை என்றால் அதன் இடத்தில் பெரும்பாலும் சர்க்கரை ஆல்கஹால்கள் இருக்கும். அவை அளவு மீறினால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும்.

லேபிள் படிக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவது எளிது. முதலாவது, முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘5 கிராம்’ என்று இருக்கும். அது ஒரு மிட்டாய்க்கு அல்ல, ஒரு பரிமாறலுக்கு. பின்பக்கம் திருப்பினால் ஒரு பரிமாறல் என்பது ஐந்து அல்லது ஆறு மிட்டாய் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அறுபது மிட்டாய் கொண்ட பை அந்தக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். இரண்டாவது, மிட்டாயின் எடையும் கிரியேட்டினின் எடையும் வேறு வேறு. ‘ஒவ்வொன்றும் 4 கிராம்’ என்பது மிட்டாயின் எடையாக இருக்கலாம்.

மிட்டாய்க்குள் இடம் போதாது

பவுடரிலும் கேப்சூலிலும் வராத குறை மிட்டாயில் மட்டும் ஏன் வருகிறது? விற்பவர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் மொத்த விலையில் கிரியேட்டின் ஒன்றும் விலை உயர்ந்த சரக்கல்ல. அதைக் குறைத்துப் போட்டு ஒரு தயாரிப்பாளர் மிச்சப்படுத்தும் தொகை பெரிதாக இருக்காது. சிக்கல் மிட்டாய் என்ற வடிவத்திலேயே இருக்கிறது.

வைட்டமின் மிட்டாயோடு ஒப்பிட்டால் இது புரியும். வைட்டமின் டி மிட்டாய் ஒன்றில் ஆயிரம் யூனிட் என்றால், எடையில் அது வெறும் 25 மைக்ரோகிராம். ஒரு கிராம் கிரியேட்டின் அதைப்போல 40,000 மடங்கு. வைட்டமின் மிட்டாய் செய்பவர் நாளடைவில் கொஞ்சம் சிதையும் என்று தெரிந்து, முன்கூட்டியே கூடுதலாகச் சேர்த்துவிடுவார். மிட்டாய்க்கு அது தெரியக்கூடத் தெரியாது. கிரியேட்டின் விஷயத்தில் 4 கிராம் மிட்டாயில் கால் பங்கு எடை ஏற்கெனவே பவுடராகிவிடுகிறது. மேலே இன்னும் இருபது சதவீதம் கூட்டிப் போட இடம் ஏது?

அடுத்த தொல்லை, கிரியேட்டின் தண்ணீரில் எளிதில் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 14 கிராம் அளவுக்குத்தான் கரையும். 4 கிராம் மிட்டாயில் இருக்கும் ஈரம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் கரையக்கூடிய கிரியேட்டின் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான். மீதி முழுவதும் நுண்மணலாக அப்படியே நிற்க வேண்டும். அதனால்தான் உண்மையில் ஒரு கிராம் சேர்த்த மிட்டாய் மங்கலாக, வெண்மை கலந்து, மென்றால் பல்லில் நறநறவென்று இருக்கும். நுணுக்கி அரைத்த பவுடரைப் போட்டால் நறநறப்பு குறையும். ஆனால் மங்கல் போகாது. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மிட்டாயில் ஒரு கிராம் கிரியேட்டின் இருப்பதாக லேபிள் சொன்னால், அந்த லேபிளைச் சந்தேகிக்கப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை.

கரையாத மணல் இன்னொரு விதத்திலும் படுத்தும். சூடான பாகு தொட்டியில் இருக்கும்போது அது அடியில் படியப் பார்க்கும். கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால், பாயசத்தின் அடிக்கரண்டியில் ஜவ்வரிசி நிறைய வருவதுபோல, ஒரே நாளில் ஊற்றிய மிட்டாய்களிலேயே சிலவற்றில் அதிகமும் சிலவற்றில் குறைவும் சேரும். அதோடு அளவு கூடக் கூட ஜெல்லியின் பிடிப்பு தளர்ந்து, மிட்டாய் உதிரும். வாயில் நன்றாக இருக்க வேண்டும் என்றால் பவுடரைக் குறைக்க வேண்டும். லேபிள் சொன்னது இருக்க வேண்டும் என்றால் வாய்க்கு நன்றாக இராது. இந்த இழுபறியில் பல சமயம் ருசிதான் ஜெயிக்கிறது.

சூடு, ஈரம், புளிப்பு

அளவாகப் போட்ட கிரியேட்டினும் மிட்டாய்க்குள் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. உலர்ந்த பவுடராக இருக்கும்வரை கிரியேட்டின் வருடக்கணக்கில் கெடாது. நீரில் கரைந்துவிட்டால் அது மெல்ல மெல்ல வளைந்து தன்னைத் தானே மூடிக்கொண்டு, ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டு, கிரியேட்டினின் என்ற வேறு பொருளாக மாறுகிறது. பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை ஒன்றல்ல. சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையில் நாம் பார்க்கும் அதே கிரியேட்டினின்தான் இது. உடல் வெளியே தள்ளும் கழிவு. தசைக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துபவை சூடும் புளிப்பும். 2011இல் வெளியான ஒரு மதிப்பாய்வில் இதற்கான எண்கள் இருக்கின்றன. புளிப்பே இல்லாத கரைசலில் 25 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்தாலும் கிரியேட்டின் பெரிதாகச் சிதையவில்லை. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 ஆனபோது அதே மூன்று நாளில் 4 சதவீதம் போனது. 4.5இல் 12 சதவீதம். 3.5இல் 21 சதவீதம்.

இனி மிட்டாய் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சப்படுகின்றன. கெட்டிப்படுத்த ஜெலட்டின் அல்லது பெக்டின் சேர்க்கப்படுகிறது. பழச்சுவைக்குச் சிட்ரிக் அமிலம் ஊற்றப்படுகிறது. சைவ மிட்டாய்களில் பயன்படும் வழக்கமான பெக்டின் வகைக்கு அமிலம் ருசிக்காக மட்டுமல்ல, அது இல்லாமல் உறையவே உறையாது. பி.எச். 3.5 அளவை ஒட்டி இறங்கினால்தான் அது கெட்டியாகும். கிரியேட்டினை மிக வேகமாகச் சிதைக்கும் எல்லையும் அதுவே. பிறகு அச்சில் ஊற்றி, ஈரம் குறையும்வரை ஒரு நாளோ அதற்கு மேலோ உலர வைக்கிறார்கள். அப்போதும் எல்லா ஈரமும் போவதில்லை. முழுக்க உலர்ந்தால் அது மெல்லும் மிட்டாயாக இராது.

ஆக, ஈரமும் புளிப்பும் உள்ளேயே இருக்க, மேலே வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மே மாதத்துச் சரக்கு லாரியும் தகரக் கூரைக் கிடங்கும் 25 டிகிரியில் இருப்பதில்லை. மிட்டாய்க்குள் பெரும்பகுதி கரையாமல் இருப்பதால், கரைசலில் நடக்கும் வேகத்தில் எல்லாம் போய்விடாது என்பது உண்மை. ஆனால் கரைந்த கொஞ்சம் சிதைந்தவுடன், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கரையும். அதுவும் சிதையும். தயாரித்த தேதிக்கும் நீங்கள் வாங்கும் தேதிக்கும் நடுவில் பல மாதம் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு வழி தேடாமல் இல்லை. கிரியேட்டினைப் பாகு ஆறியபின் கடைசியில் சேர்ப்பது, அமிலத்தைக் குறைப்பது, குறைந்த புளிப்பிலும் உறையும் பொருட்களைப் பயன்படுத்துவது, பவுடர் மணிகளுக்கு மேல்பூச்சு கொடுப்பது எல்லாம் உண்டு. சரியான அளவுள்ள மிட்டாயைச் செய்ய முடியும். அதற்குக் கூடுதல் கவனமும் செலவும் வேண்டும். அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும்.

இதைப் படித்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் பவுடர் கலந்து குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். மூன்று நாளில் 21 சதவீதம் என்றால், கலக்கிய பத்து நிமிடத்தில் போவது கணக்கில் வராத அளவு. வயிற்று அமிலமும் கிரியேட்டினை அழிப்பதில்லை. அவ்வளவு கடுமையான அமிலத்தில் இந்த மாற்றம் உண்மையில் தடைபடுகிறது. கலந்ததைப் பாட்டிலில் போட்டு நாள்கணக்கில் வைத்துக் குடிப்பதுதான் தவறு.

பரிசோதனை அறிக்கை என்ன சொல்லும்?

சந்தேகத்துக்கு வெளியே வர ஒரே வழி ஆய்வகப் பரிசோதனை. எச்.பி.எல்.சி. என்ற கருவி கிரியேட்டினையும் கிரியேட்டினினையும் தனித்தனியாக அளந்துவிடும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தவறு நடந்தது என்பதே தெரிந்துவிடும்.

ஒரு மிட்டாயில் 1,000 மில்லிகிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று லேபிள் சொல்வதாகக் கொள்வோம். மோனோஹைட்ரேட்டில் 12 சதவீதம் நீர். எனவே உண்மையான கிரியேட்டின் 880 மில்லிகிராம் இருக்க வேண்டும். மூன்று மிட்டாய்களைச் சோதித்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் மிட்டாயில் கிரியேட்டின் 840, கிரியேட்டினின் 15 மில்லிகிராம். இது நேர்மையான மிட்டாய். சின்ன இழப்பு சகஜம்.

இரண்டாவதில் கிரியேட்டின் 500, கிரியேட்டினின் 320. நீர் மூலக்கூறை இழப்பதால் கிரியேட்டினினின் எடை கொஞ்சம் குறைவு. அதை 1.16ஆல் பெருக்கினால், அது எவ்வளவு கிரியேட்டினிலிருந்து வந்தது என்று தெரியும். 320ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 370. மீதமிருக்கும் 500உடன் கூட்டினால் 870. அதாவது தொழிற்சாலையில் சரியான அளவுதான் போட்டிருக்கிறார்கள். செய்முறையிலோ கிடங்கிலோ சிதைந்துவிட்டது.

மூன்றாவதில் கிரியேட்டின் 40, கிரியேட்டினின் 10. இரண்டும் குறைவு. சிதைந்திருந்தால் தடயம் இருக்க வேண்டும், இல்லை. இதில் லேபிள் சொன்ன அளவு கிரியேட்டினைப் போடவே இல்லை என்றுதான் பொருள்.

வாங்குபவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் நஷ்டம்தான். இரண்டாவதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அந்தக் கிரியேட்டினின் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து, பிறகு சிறுநீரில் வெளியேறும். இடைப்பட்ட நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் கிரியேட்டினின் அளவு ஏறியிருக்கும். சமைத்த இறைச்சி நிறையச் சாப்பிட்டாலும் இப்படி ஏறுவதுண்டு. நல்ல கிரியேட்டின் எடுப்பவர்களுக்கும் இந்த அளவு சற்றுக் கூடலாம். ஆகவே எந்த வடிவில் எடுத்தாலும், பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இவை வெறும் கற்பனைக் கணக்குகள் அல்ல என்பதைச் சந்தையில் நடந்த சோதனைகள் காட்டின. 2024இல் அமெரிக்காவின் நவ் ஃபுட்ஸ் நிறுவனம், விற்பனையில் இருந்த கிரியேட்டின் மிட்டாய்களை வாங்கிச் சோதித்தபோது ஏறத்தாழ பாதி லேபிள் அளவை எட்டவில்லை. அந்த நிறுவனமும் இதே தொழிலில் இருப்பது, அதனால் போட்டியாளர் என்ற பார்வை அதற்கு இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மறு ஆண்டு சப்கோ என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனம் ஆறு மிட்டாய்களைச் சோதித்தது. நான்கு தேறவில்லை. சில எண்ணிக்கைகளை வைத்து எல்லா மிட்டாயும் பொய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் பையைப் பார்த்து எது தேறியது, எது தோற்றது என்று கண்டுபிடிக்கவும் முடியாது என்பதுதான் இதில் உள்ள செய்தி.

வாங்கும்போது

பெரும்பாலானவர்களுக்குப் பவுடர் போதும். டப்பாவின் பின்பக்கப் பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தவிர வேறு எதுவும் இல்லாத, சுவை சேர்க்காத வகையைப் பாருங்கள். சுவை சேர்த்த பவுடரில் ஒரு கரண்டி 6 கிராம் என்றால் அதில் கிரியேட்டின் 3 கிராமாகக்கூட இருக்கலாம். மீதி இனிப்பும் மணமும் நிறமும். கூடவே வரும் கரண்டி கோபுரமாக அள்ளினால் ஓர் அளவு, தட்டையாக அள்ளினால் ஓர் அளவு. வீட்டில் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, 3 கிராம் என்பது அந்தக் கரண்டியில் எதுவரை வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். குளிர்ந்த தண்ணீரில் அடியில் தங்கும் துகள் போலிச் சரக்கின் அடையாளம் அல்ல. கிரியேட்டினின் சுபாவமே அதுதான். வெதுவெதுப்பான நீரில் கலக்கலாம், இல்லையென்றால் அடியில் தங்கியதற்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடலாம்.

பவுடரிலும் போலி உண்டு. இந்தியாவில் விற்கும் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஆனால் உரிமம் என்பது தொழில் நடத்த அனுமதி, அந்த டப்பாவுக்கான தரச் சான்று அல்ல. டப்பாவில் உள்ள அதே பேட்ச் எண்ணுக்கு, நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஆய்வகம் தந்த அறிக்கையைக் காட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

கேப்சூலுக்கும் நியாயமான இடம் உண்டு. அடிக்கடி வெளியூர் போகிறவர், அலுவலகத்தில் பவுடர் டப்பா திறக்கக் கூச்சப்படுகிறவர், மணல் போன்ற எதையும் குடிக்க முடியாதவர் மூன்று மடங்கு விலையைத் தெரிந்தே கொடுக்கலாம். உள்ளே உலர்ந்த பவுடர் என்பதால் மிட்டாயின் நோய் அதற்கு இல்லை. வீட்டில் பவுடர், பயணத்தில் கேப்சூல் என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

மிட்டாய்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் நிறுவனத்திடம் ஓர் அறிக்கையைக் கேட்க வேண்டும். மூலப்பொருளாக வந்த பவுடரின் அறிக்கை அல்ல, செய்து முடித்த மிட்டாயின் அறிக்கை. இந்த வித்தியாசம் முக்கியம். மூலப் பவுடர் 99.9 சதவீதம் சுத்தம் என்று காட்டுவது எளிது, அது சூட்டையும் புளிப்பையும் பார்ப்பதற்கு முந்தைய நிலை. முடிந்த மிட்டாயின் அறிக்கையில் கிரியேட்டின், கிரியேட்டினின் இரண்டு எண்களும் இருக்க வேண்டும். பரிசோதித்த தேதியும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்துச் சில மாதம் ஆனபின் செய்த பரிசோதனை என்றால் இன்னும் நல்லது. இத்தனையும் கேட்டால் பதில் வராத நிறுவனத்தின் மிட்டாயை மிட்டாய் விலைக்கு மேல் கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மேலே போட்ட எடுத்துக்காட்டு விலைகளில் மிட்டாய்க்கும் பவுடருக்கும் மாதம் 1,062 ரூபாய் வித்தியாசம். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்தால், அது 150 முட்டை. நாளுக்கு ஐந்து. எடை தூக்கும் பல பேருக்குத் தட்டில் குறைவது கிரியேட்டினைவிடப் புரதம்தான். பவுடரை வாங்கிவிட்டு மீதிப் பணத்தை முட்டைக்கோ, சைவக்காரர் என்றால் பாலுக்கும் பயறுக்கும் பனீருக்குமோ செலவழித்தால், அதே 1,350 ரூபாயில் தசைக்கு வேண்டிய இரண்டும் வந்து சேரும்.